மந்தி குரல் கொடுத்தால் மான் ஏன் மிரள்கிறது?

மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டில், கோடைக்காலத்துக் காலை நேரம். சால மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரத்தில் புள்ளிமான் கூட்டம் ஒன்று மேய்கிறது. மரங்களின் மேல் அனுமன் குரங்குகள் உட்கார்ந்து இளந்தளிர்களைப் பறித்துத் தின்கின்றன. கரிய முகம், சாம்பல் உடல், கிளையிலிருந்து நேராகத் தொங்கும் நீண்ட வால். நம் ஊர்க்காரர்கள் மந்தி என்று சொல்வது இந்தக் குரங்கைத்தான். பாதி கடித்த இலைகளும் முறிந்த கொப்புகளும் கீழே விழுந்துகொண்டே இருக்கின்றன. மான்கள் அவற்றையும் பொறுக்கித் தின்கின்றன.

ஓடைப் பள்ளத்திலிருந்து ஒரு புலி எழுந்து புல்லுக்குள் நுழைகிறது. மான்களுக்கு அது தெரியவில்லை. காற்று மான்களிடமிருந்து புலியை நோக்கி வீசுவதால் வாடையும் எட்டவில்லை. உயரக் கிளையில் இருந்த கடுவன் பார்த்துவிடுகிறது. இருமலும் குரைப்பும் கலந்த கரகரப்பான குரல் அதன் தொண்டையிலிருந்து வெடிக்கிறது. ஒரு முறை, இரண்டு முறை, பிறகு விடாமல்.

அந்தக் கணத்தில் மான்கள் செய்வதைக் கவனித்தால் பல விஷயங்கள் புரியும். அவை முதலில் ஓடுவதில்லை. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. அசைபோட்டுக்கொண்டிருந்த வாய்கள் அப்படியே நின்றுவிடுகின்றன. காதுகள் முன்னும் பின்னும் திரும்புகின்றன. ஒரு பெட்டை மான் முன்னங்காலைத் தூக்கித் தரையில் தட்டுகிறது. குட்டிகள் தாயின் விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன, சிதறி நின்ற கூட்டம் நெருங்கி நிற்கிறது. அதன் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். புலி எங்கே என்று ஒரு மானுக்குத் தெரிந்துவிட்டால், அது வாலை உயர்த்தி வெள்ளை அடிப்பகுதியைக் காட்டியபடி கூர்மையாகக் கூவும், கூட்டம் எதிர்த்திசையில் பாயும். புலி மிக அருகில் இருந்து புல் அசைந்தால் கூவலே இல்லாமல் பாய்ச்சல்தான். எதுவும் புலப்படாவிட்டால், குரல் ஓயும்வரை அசையாமல் நின்று, பிறகு தயங்கித் தயங்கி மேய்ச்சலுக்குத் திரும்பும்.

இப்படி நின்று பார்ப்பதில் ஆழ்ந்த காரணம் உண்டு. மந்தியின் குரல் 'ஆபத்து' என்பதைச் சொல்கிறதே தவிர, அது எந்தப் புதரில் இருக்கிறது என்று மானுக்குச் சொல்வதில்லை. கண்மூடித்தனமாக ஓடும் மான் புலியின் வாய்க்கே போய்ச் சேரலாம். ஆகவே குரலைக் கேட்டதும் மான் தன் கண், காது, மூக்கு மூன்றையும் ஒரே வேலைக்குத் திருப்புகிறது. ஓட்டம் அதற்கு அடுத்த படி.

இந்த இடத்தில் நம்மில் பலர் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. மந்தி நல்லெண்ணத்தோடு மானை எச்சரிக்கிறது, காட்டு விலங்குகளுக்குள் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்ற படம். அழகான படம்தான். ஆனால் நடப்பது அதைவிடச் சுவாரசியமானது. மந்தியின் குரல் மானுக்காக எழுப்பப்படுவதில்லை. ஒரு பகுதி தன் கூட்டத்துக்காக: தரையில் இருக்கும் பெண்களும் குட்டிகளும் உடனே மரமேற வேண்டும். இன்னொரு பகுதி, எதிர்பாராத ஒருவருக்காக. அது வேட்டையாட வந்த விலங்கு.

சிறுத்தையும் புலியும் பதுங்கி வேட்டையாடுபவை. செந்நாய்களைப் போல் நெடுந்தூரம் துரத்தி இரையைக் களைப்படையச் செய்யும் உடல் அவற்றுக்கு இல்லை. இரைக்குத் தெரியாமல் மிக அருகே வந்து, கடைசி ஒரு பாய்ச்சலில் முடிக்க வேண்டும். பார்க்கப்பட்டுவிட்டால் பெரும்பாலும் வேட்டை அங்கேயே முடிந்துவிடும். ஆகவே மரத்தின் மேலிருந்து 'உன்னைப் பார்த்துவிட்டேன்' என்று உரக்க, விடாமல் அறிவிப்பது குரங்குக்கு லாபம். சிறுத்தை விலகிப் போய்விடும்.

இது வெறும் ஊகம் அல்ல. மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் தாய் என்ற மழைக்காடு இருக்கிறது. அங்கே கிளாஸ் ஜூபர்பூலர், டேவிட் ஜென்னி, ரெதுவான் ப்ஷாரி ஆகிய ஆய்வாளர்கள் சிறுத்தைகளின் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி, அவை எங்கே பதுங்குகின்றன, எப்போது கிளம்புகின்றன என்று பின்தொடர்ந்தார்கள். 1999-இல் வெளியான அந்த ஆய்வில், குரங்குகள் பார்த்துக் குரல் எழுப்பிய பிறகு சிறுத்தை பதுங்கிய இடத்தைக் கைவிட்டு விரைவில் அகன்றுவிடுவது தெரிந்தது. அதே காட்டில் இன்னொரு விஷயமும் கவனிக்கப்பட்டது. சிறுத்தையையும் கழுகையும் கண்டால் கத்தித் தீர்க்கும் அதே குரங்குகள், சிம்பன்சியையோ மனித வேட்டைக்காரரையோ கண்டால் வாய் திறப்பதில்லை. ஓசைப்படாமல் நழுவிவிடுகின்றன. சிம்பன்சி மரத்துக்கு மரம் துரத்தி வரும். மனிதனிடம் துப்பாக்கி இருக்கிறது. பார்த்துவிட்டதாகச் சொல்வதால் இருவருமே திரும்பிப் போகமாட்டார்கள், கத்தினால் இருக்குமிடம்தான் தெரியும். எச்சரிப்பது மட்டுமே குரலின் நோக்கமாக இருந்தால், எல்லா எதிரிக்கும் ஒரே மாதிரி கத்தியிருக்க வேண்டும் அல்லவா? குரலில் பாதி வேட்டை விலங்கின் காதுக்கே என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது.

இந்தக் கண்டுபிடிப்பு நம் கான்ஹா மான்களுக்கு எப்படிப் பொருந்துகிறது? வேட்டை விலங்குக்குக் கேட்க வேண்டிய குரல் மென்மையாக இருக்க முடியாது. உரத்ததாக, வெடுக்கென்று தொடங்குவதாக, எங்கிருந்து வருகிறது என்று எளிதில் தெரிவதாக, திரும்பத் திரும்ப ஒலிப்பதாக இருக்க வேண்டும். தன் கூட்டத்துக்குள் மட்டும் பேச நினைக்கும் விலங்கு முணுமுணுத்திருக்கும். சிறுத்தையோடு பேசும் விலங்கு காட்டுக்கே கேட்கும்படிதான் பேசியாக வேண்டும். அப்படிப் பேசும்போது புள்ளிமான், கடமான், கேளையாடு, மயில், காட்டுப்பன்றி எல்லாமே அதைக் கேட்டுவிடுகின்றன. ஒட்டுக்கேட்பது என்று நாம் சொல்வோமே, அறிவியலாளர்களும் இதற்கு அந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் காட்டில் எத்தனையோ சத்தங்கள். அவற்றில் மந்தியின் சத்தத்தை மட்டும் மான் ஏன் இவ்வளவு மதிக்கிறது? அதற்கு விடை கண்களில் இருக்கிறது.

புள்ளிமானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய சுற்றுமுற்றும் பார்க்கும். அசைவை உடனே பிடிக்கும். ஆனால் அசையாமல் உறைந்து கிடக்கும் விலங்கைப் பிரித்தறிவதில் அது அத்தனை தேர்ந்ததல்ல. அதோடு நிறக் குறைபாடு ஒன்றும் உண்டு. நம் கண்ணில் நிறம் உணரும் செல்களில் மூன்று வகை இருக்கின்றன, மான் கண்ணில் இரண்டு வகை மட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரிக்கத் தேவையான வகை அதனிடம் இல்லை. ஆகவே நமக்குப் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் தெரியும் புலி, மானுக்குப் புல்லின் நிறத்திலேயே தெரிகிறது. 2019-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டு வகைச் செல்கள் கொண்ட கண்ணுக்கும் மூன்று வகைச் செல்கள் கொண்ட கண்ணுக்கும் எந்தெந்த நிறம் எப்படிப்பட்ட பின்னணியில் மறையும் என்று கணினியில் ஆராய்ந்தபோது, புலியின் ஆரஞ்சு நிறம் ஏன் வேட்டைக்கு இடைஞ்சலாக இல்லை என்பதற்கு இதே விளக்கம் வலுப்பெற்றது. காட்டில் இவ்வளவு கண்ணைப் பறிக்கும் நிறத்தோடு ஒரு விலங்கு எப்படிப் பதுங்கி வேட்டையாடுகிறது என்று வியந்திருக்கிறோம். அது பதுங்குவது நம் கண்ணிலிருந்து அல்ல, மானின் கண்ணிலிருந்து.

மந்தியின் கண் நம் கண்ணைப் போன்றது. ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகள் எல்லாவற்றுக்கும் மூன்று வகை நிறச் செல்கள் உண்டு. பச்சை இலைகளுக்கு நடுவே சிவந்த தளிரையும் பழுத்த பழத்தையும் தேட உதவும் அந்தக் கண்ணுக்கு, பச்சைப் புல்லில் ஆரஞ்சுப் புலியும் தனித்துத் தெரியும். இத்தோடு உயரமும் சேர்கிறது. தரையில் நிற்கும் மானுக்கு இடுப்பளவுப் புல்லே சுவர். பதினைந்து மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கும் கடுவனுக்கு அந்தப் புல் மேலிருந்து பார்க்கும் தரை, அதில் நடப்பவற்றின் முதுகு தெரியும்.

கடுவன் அங்கே உட்கார்ந்திருப்பதற்கே இன்னொரு காரணமும் இருக்கிறது. அனுமன் குரங்குகளின் கூட்டம் பல இடங்களில் ஒரே ஒரு வளர்ந்த ஆணும் பல பெண்களும் குட்டிகளும் சேர்ந்தது. வெளியிலிருந்து வரும் ஆண் குரங்குகள் அந்தத் தலைவனை விரட்டிவிட்டுக் கூட்டத்தைக் கைப்பற்றும். அப்போது பால்குடிக் குட்டிகளைக் கொன்றுவிடுவதும் உண்டு. கர்நாடகத்தின் தார்வாரிலும் ராஜஸ்தானின் அபு மலையிலும் இது விரிவாகப் பதிவாகியிருக்கிறது. ஆகவே தலைவன் உயரக் கிளையில் உட்கார்ந்து நாலாபுறமும் பார்த்துக்கொண்டே இருப்பதில் போட்டி ஆண்களைப் பற்றிய கவலையும் கலந்திருக்கிறது. தன் இனத்துப் பகைவனுக்காக விழித்திருக்கும் காவலனின் கண்ணில் சிறுத்தையும் படுகிறது. மான் அந்தக் காவலின் பலனைக் கூலியில்லாமல் பெறுகிறது.

கூலியில்லாமல் என்று சொன்னாலும் கொடுக்கல் வாங்கல் முழுவதும் ஒருதலையானது அல்ல. புள்ளிமானின் மூக்கு மந்தியின் மூக்கைவிடப் பல மடங்கு கூர்மையானது. அடர்ந்த புதருக்குள் படுத்திருக்கும் சிறுத்தையை மேலிருந்து எந்தக் கண்ணாலும் காண முடியாது, ஆனால் காற்று திரும்பினால் மான் வாடை பிடித்துவிடும். மான் கூவினால் தரையில் இருக்கும் மந்திகள் அடுத்த நொடி மரத்தில் இருக்கும். விழுந்த பழத்துக்கும் நீருக்கும் மந்திகள் இறங்கித்தான் ஆக வேண்டும், அவற்றுக்கு மிக ஆபத்தான நேரமும் அதுதான். அந்த நேரத்தில் சுற்றிலும் மான்கள் மேய்ந்துகொண்டிருப்பது அவற்றுக்குத் துணை.

இந்தச் சேர்க்கை தற்செயலா, தேடி வந்ததா என்ற கேள்வியைப் பால் நியூட்டன் என்ற ஆய்வாளர் கான்ஹாவிலேயே எடுத்துக்கொண்டார். இரண்டு விலங்கும் ஒரே காட்டில் நிறைய இருந்தால், சும்மா அலைந்தாலே அடிக்கடி சந்தித்துக்கொள்ளும். அதை நட்பு என்று நினைத்துவிடக் கூடாது. 1989-இல் வெளியான அவருடைய கட்டுரையின் தலைப்பே இந்தச் சந்தேகத்தைத்தான் கேட்கிறது. அவர் கண்டது: தேடி வந்து சேர்வதும் பின்தொடர்ந்து நிற்பதும் பெரும்பாலும் மான்கள்தான். மந்திகள் தம் போக்கில் மரம் மாறுகின்றன, மான்கள் அவற்றின் கீழே வந்து சேருகின்றன. முதல் ஈர்ப்பு வயிறு. மந்தி விரயம் செய்யும் விலங்கு, பறித்ததில் கணிசமான பகுதியைக் கீழே போட்டுவிடும். எட்டாத உயரத்து இளந்தளிர் மானுக்கு அப்படித்தான் கிடைக்கிறது. புல் காய்ந்து சருகாகும் மாதங்களில் அதன் மதிப்பு இன்னும் கூடுகிறது. தின்ன வந்த இடத்தில் காவலும் கிடைக்கிறது என்பதுதான் சரியான வரிசை.

நம் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். முதுமலையிலும் பந்திப்பூரிலும் சாலையோர மரங்களுக்குக் கீழே மான்கள் கூடி நின்றால், நிமிர்ந்து பார்த்தால் மந்திகள் இருக்கும். இலங்கையின் யாலவிலும் வில்பத்துவிலும் புலி கிடையாது, சிறுத்தைதான் தலைமை வேட்டை விலங்கு. அங்கேயும் மந்தியும் புள்ளிமானும் இப்படியே சேர்ந்து காணப்படுகின்றன.

இனி கடினமான கேள்வி. மந்தியின் குரலுக்குப் பொருள் உண்டு என்பது மானுக்கு எப்படித் தெரியும்? இன்னும் அடிப்படையாகக் கேட்டால், மான் அந்தக் குரலுக்குத்தான் நிமிர்கிறது என்று நாம் எப்படி உறுதியாகச் சொல்வது? அதே நேரத்தில் அது புலியின் வாடையைப் பிடித்திருக்கலாம், இன்னொரு மான் திடுக்கிட்டதைப் பார்த்துத் திடுக்கிட்டிருக்கலாம். காட்டில் இவை எல்லாம் ஒரே நொடியில் நடந்துவிடுகின்றன. சஃபாரி ஜீப்பில் இருந்து பார்ப்பவர் எத்தனை முறை பார்த்தாலும் இதைப் பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரே வழி, புலியே இல்லாத இடத்தில் குரலை மட்டும் கொடுத்துப் பார்ப்பது. முன்பே பதிவுசெய்த எச்சரிக்கைக் குரலை, புதரில் மறைத்த ஒலிபெருக்கியிலிருந்து இயல்பான அளவில் ஒலிக்கவிட வேண்டும். அதற்கு முன்பும் பின்பும் விலங்கு என்ன செய்கிறது என்று படம்பிடிக்க வேண்டும். அதே ஒலிபெருக்கியில் அதே உரப்பில், ஆபத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு சத்தத்தையும் ஒலிக்கவிட்டு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் புதிதாகக் கேட்ட எந்தச் சத்தத்துக்கும் விலங்கு மிரள்கிறதா என்று தெரியாது. ஒரே கூட்டத்திடம் அடிக்கடி செய்தாலும் காரியம் கெடும். குரல் வருகிறது, சிறுத்தை வருவதில்லை என்பதை விலங்குகள் சீக்கிரமே கண்டுகொள்ளும்.

தென்னிந்தியக் காடுகளில் உமா ராமகிருஷ்ணனும் ரிச்சர்ட் காஸும் இந்த முறையில் செய்த ஆய்வு 2000-இல் வெளியானது. அவர்கள் எடுத்துக்கொண்டது மான் அல்ல, கோயில் வாசலிலும் மலைச்சாலையிலும் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்கு. அதன் சொந்த எச்சரிக்கைக் குரலோடு நீலகிரிக் கருமந்தி, அனுமன் குரங்கு, கடமான் ஆகியவற்றின் குரல்களையும் ஒலிக்கவிட்டு, குரங்குகள் ஓடுகின்றனவா, மரமேறுகின்றனவா, சுற்றிப் பார்க்கின்றனவா என்று பதிந்தார்கள். சிறுத்தை எங்கும் இல்லை, வாடை இல்லை, குரல் மட்டும். அடுத்த இனத்தின் குரலே ஓட்டத்தைத் தூண்டப் போதுமானது என்பது அதில் தெளிவாயிற்று. இந்த அறிவில் பிறவியின் பங்கு எவ்வளவு, பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று அறியவே அவர்கள் குரங்குகளின் வயதையும், எந்த இனத்தோடு பழகி வாழ்கின்றன என்பதையும் சேர்த்து ஒப்பிட்டார்கள்.

பழக்கத்தின் பங்கை மிகத் துல்லியமாகக் காட்டியது ஒரு சிறு பறவை. ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் ராபர்ட் மக்ராத்தும் அவருடைய குழுவினரும் நீல நிறச் சிட்டு ஒன்றை வைத்து ஆய்வு செய்தார்கள். அந்தச் சிட்டுகள் வாழ்நாளில் கேட்டிராத ஒரு சத்தத்தை ஒலிக்கவிட்டால் அவை கண்டுகொள்ளவே இல்லை. பிறகு அதே சத்தம் கேட்கும்போதெல்லாம், வேட்டைப் பறவையின் வடிவத்தில் செய்த பொம்மையை அவற்றின் மேலாக மிதக்கவிட்டார்கள். சில நாட்களிலேயே, பொம்மை இல்லாமல் சத்தம் மட்டும் வந்தாலும் சிட்டுகள் புதருக்குள் பாய்ந்தன. 2015-இல் வெளிவந்த இந்த ஆய்வு ஒரு பழைய புதிருக்கு எளிய விடை தந்தது. அடுத்த இனத்தின் மொழியை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டாம். சத்தமும் ஆபத்தும் சில முறை ஒன்றாக வந்தால் போதும்.

ஒரு மான்குட்டியின் வளர்ப்பை நினைத்துப் பார்த்தால் இந்த வாய்ப்புகள் எவ்வளவு அடிக்கடி கிடைக்கும் என்று புரியும். மந்தி குரல் கொடுக்கிறது, தாயின் உடல் விறைக்கிறது, கால் தட்டுகிறது, கூட்டம் நெருங்குகிறது, சில நேரம் மஞ்சள் நிழல் ஒன்று புல்லைக் கடந்து போகிறது. குட்டி ஒரு சத்தத்தோடு தாயின் பயத்தையும் சேர்த்தே கேட்டு வளர்கிறது. தவறான பாடம் படித்த மான்கள் குட்டி ஈனும்வரை பிழைத்திருப்பதும் குறைவு.

கற்றுக்கொண்டது எவ்வளவு நுட்பமாக இருக்கும் என்பதற்கும் தாய்க் காட்டிலிருந்தே ஒரு சான்று. அங்கே டயானா குரங்கு கழுகுக்கு ஒரு குரலும் சிறுத்தைக்கு வேறு குரலும் கொடுக்கும். அதே மரங்களில் வாழும் இருவாச்சிப் பறவைக்குக் கழுகு எதிரி, சிறுத்தையால் ஆபத்தில்லை. ஹியூ ரெய்னியும் சக ஆய்வாளர்களும் இரு குரல்களையும் இருவாச்சிகளுக்கு ஒலிக்கவிட்டார்கள். கழுகுக் குரலுக்குப் பரபரத்த பறவைகள், சிறுத்தைக் குரலைப் பொருட்படுத்தவில்லை. குரங்கின் பதற்றத்தைப் பார்த்துப் பதறுவது வேறு, எந்தப் பதற்றம் தனக்குப் பொருந்தும் என்று தெரிந்திருப்பது வேறு. இருவாச்சிக்கு இரண்டாவது தெரிந்திருக்கிறது.

மற்றவர் குரலை நம்பி வாழ்வதில் ஏமாறும் ஆபத்தும் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைநிலத்தில் வாழும் கவைவால் கரிச்சான், பருந்து வரும்போது உண்மையாகவே கத்தும். கீரிக் குடும்பத்துச் சிறு விலங்கான மீர்கட்டும், பாப்லர் என்ற பறவையும் அதை நம்பி ஒளிந்துகொள்ளும். ஆனால் ஒரு மீர்கட் கொழுத்த தேளைத் தோண்டி எடுத்திருந்தால், பருந்தே இல்லாத நேரத்தில் கரிச்சான் அதே குரலைக் கொடுத்து, அது ஓடியதும் இரையைத் தூக்கிப் போய்விடும். டாம் ஃபிளவர் என்ற ஆய்வாளர் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். ஒரே பொய் பலமுறை பலிக்காமல் போனால், கரிச்சான் வேறு இனத்தின் எச்சரிக்கைக் குரலைப் போலி செய்து தொடர்கிறது.

மந்தி மானிடம் அப்படிச் செய்வதில்லை, செய்யக் காரணமும் இல்லை. மானிடம் இருப்பது புல், மந்திக்கு அதில் பெரிய விருப்பம் கிடையாது. மானை விரட்டுவதால் அதற்கு ஒரு தளிர்கூட அதிகமாகக் கிடைக்காது. அதன் குரல் தன் குட்டியின் உயிருக்காகச் சிறுத்தையை நோக்கி எழுவது. மானின் நம்பிக்கைக்கு அடித்தளம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மந்தி மானை நேசிப்பதால் அல்ல, மானைப் பற்றி அதற்கு ஒரு கணக்கும் இல்லாததால்தான் அந்தக் குரல் நம்பத்தக்கதாகிறது.

ஆனாலும் இந்தக் காவலில் ஓட்டைகள் உண்டு. மந்தி தன் எதிரிகளுக்காகத்தான் கத்தும். நாய் ஒன்று வழிதவறி வந்தாலும் கத்தலாம், மலைப்பாம்பைப் பார்த்தும் கத்தலாம். வளர்ந்த மானுக்கு அவற்றில் பல பெரிய ஆபத்தல்ல. எல்லாவற்றுக்கும் ஓடினால் மேய்ச்சல் நேரம் வீணாகும், அசைபோட நேரமிருக்காது, கோடையில் நீர்க்கரையை விட்டு ஓடுவதன் விலை இன்னும் அதிகம். நின்று பார்க்கும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். இலை அடர்ந்த மழைக்காலத்தில் மேலிருந்து தரை சரியாகத் தெரியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை இரவு. மந்தி பகல் விலங்கு, இருட்டியதும் உயரக் கிளைகளில் தூங்கிவிடும். புலியும் சிறுத்தையும் சுறுசுறுப்பாவது அப்போதுதான். இரவில் மானுக்குத் தன் மூக்கும் காதும், கடமானின் கனத்த முழக்கமும்தான் துணை. புள்ளிமான்கள் மாலையில் மரங்களை விட்டு விலகித் திறந்த வெளிக்கு வந்து கூட்டமாகப் படுப்பதை, காவலன் உறங்கும் நேரத்து ஏற்பாடாகவும் பார்க்கலாம்.

மனிதரும் இந்தக் குரலை வெகுகாலமாக ஒட்டுக்கேட்டு வந்திருக்கிறார்கள். குமாவுன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிய ஜிம் கார்பெட், குரங்கும் மானும் காட்டுக்கோழியும் எழுப்பும் சத்தங்களைத் தொடர்ந்தே புலி நகரும் திசையைக் கணித்தார். முதுமலையில் ரோந்து போகும் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இன்றும் அதையே செய்கிறார்கள். சஃபாரி ஓட்டுநர்கள் இதற்கு 'கால்' என்று பேர் வைத்து, என்ஜினை அணைத்துவிட்டுக் காது கொடுக்கிறார்கள்.

அடுத்த முறை காட்டுக்குப் போகும்போது இந்தக் குரலைப் படிக்கச் சில குறிப்புகள் உதவும். கடுவன் எழுப்பும் 'ஹூப் ஹூப்' என்ற முழங்கும் குரல் எச்சரிக்கை அல்ல, மற்ற ஆண்களுக்குத் தன் இருப்பை அறிவிப்பது. அது கேட்டால் மான்கள் தலை நிமிர்வதில்லை. எச்சரிக்கைக் குரல் குட்டையானது, கரகரப்பானது, இருமல் போன்றது. ஒன்றிரண்டு முறை ஒலித்து நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை. நிற்காமல் தொடர்ந்தால், கத்தும் குரங்கு எந்தப் பக்கம் முகம் திருப்பியிருக்கிறது என்று பாருங்கள். சிறிது நேரத்தில் அதன் முகம் திரும்பினால், பார்க்கப்படும் விலங்கும் நகர்கிறது என்று பொருள். மந்தியோடு புள்ளிமானும் கூவத் தொடங்கினால் நம்பிக்கை கூடும். புள்ளிமான் எதற்கெடுத்தாலும் கூவும் குணமுடையது, கடமான் அப்படியல்ல. கடமானும் சேர்ந்து முழங்கினால் புலியோ சிறுத்தையோ அங்கே இருப்பது ஏறக்குறைய உறுதி.

புலி வெளியே வந்து பாதையில் நடக்கத் தொடங்கியதும் மான்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவை கண்காணாத தூரத்துக்கு ஓடிவிடுவதில்லை. பாய்ந்து எட்டமுடியாத தொலைவில் நின்று, புலி போகும் திசையெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டே கூவுகின்றன. மறைந்திருக்கும் புலிதான் கொல்லும், கண்ணுக்குத் தெரியும் புலியால் அத்தனை எளிதில் கொல்ல முடியாது. ஆகவே அதைக் கண்ணிலிருந்து விடாமல் வைத்திருப்பதே மானின் முயற்சி. மரத்தின் மேல் மந்தியும் அதே நேரத்தில் அதையேதான் செய்துகொண்டிருக்கும்.